பயிற்சி குறைந்த வாரத்தில் முட்டையை ஏன் நிறுத்துகிறீர்கள்?

எங்கள் ஜிம்மில், களைப்பு தீர வேண்டுமென்றே பயிற்சியைக் குறைக்கும் டீலோட் வாரம் வந்தால் முதலில் குறைவது பாரம் அல்ல, சாப்பாடு. செட்டுகளைப் பாதியாக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள்கூட இரவுச் சாதத்தை நிறுத்துவதற்குத் தயங்குவதில்லை. புரதப் பவுடர் டப்பா மூடியபடியே ஒரு வாரம் கிடக்கும். காரணம் கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: பயிற்சியே இல்லை, பிறகு எதற்கு அவ்வளவு சாப்பாடு? உழைப்புக்கு ஏற்ற சோறு என்பது நாம் வீட்டில் கேட்டு வளர்ந்த நியாயம். அதனால் இந்தப் பதிலை யாரும் மறுப்பதும் இல்லை. ஆனால் எனக்கு அது நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. உழைப்பு குறைந்தது உண்மை. எவ்வளவு குறைந்தது என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

அந்தக் கணக்கைப் போட வைத்தவர் 74 கிலோ எடைப் பிரிவில் பவர்லிஃப்டிங் போட்டிகளுக்குத் தயாராகும் ஒரு தம்பி. வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சி. ஐந்து வாரம் கடுமையாகத் தூக்கிவிட்டு ஆறாவது வாரம் டீலோட் என்று அட்டவணை. டீலோட் முடிந்து திரும்பும் முதல் வாரத்தில் ஒவ்வொரு முறையும் அவருடைய ஸ்குவாட் சரிந்துவிடும். வழக்கமாக ஐந்து ரெப் எடுக்கும் பாரத்தில் மூன்றாவது ரெப்பிலேயே முழங்கால் உள்ளே மடங்கும். “டீலோட் எனக்கு ஒத்துவராது அண்ணா, ஓய்வெடுத்தால் பலம் போய்விடுகிறது” என்றார். ஒரு வாரம் பாதிப் பயிற்சி செய்வதால் பலம் போகாது. ஓய்வு அல்லாத வேறு எதுவோ அந்த வாரத்தில் மாறுகிறது என்று தோன்றியது. அவருடைய பயிற்சி நோட்டை வாங்கிப் பார்த்தேன். நல்ல பழக்கம் உள்ளவர். பாரத்தோடு சாப்பாட்டையும் எழுதி வைத்திருந்தார்.

ஒன்றரை இட்லி

சாதாரண வாரத்தில் அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,600 கலோரி சாப்பிட்டார். அதில் புரதம் 125 கிராம். எடையும் நிலையாக இருந்தது. டீலோட் வாரத்தில் நான்கு முட்டை, ஒரு கரண்டி புரதப் பவுடர், இரவில் ஒரு தட்டு சாதம் ஆகிய மூன்றும் காணாமல் போயிருந்தன. முட்டை நான்கும் சேர்ந்து 280 கலோரி, பவுடர் 120, கால் கிலோ சாதம் ஏறக்குறைய 325. ஆக, ஒரு நாளில் 725 கலோரி குறைவு. புரதமோ 125 கிராமிலிருந்து 70 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். பாரம் தூக்குவதில் நாம் நினைக்கும் அளவுக்குக் கலோரி செலவாவதில்லை. ஒன்றேகால் மணி நேரப் பயிற்சியில் பெரும்பகுதி செட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நேரம். மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, மறுநாள் உடம்பு வலிக்கிறது. அதனால் பெரிய செலவு நடந்ததாக உணர்கிறோம். உண்மையில் 74 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவைக் கழித்துவிட்டால், அப்படிப்பட்ட ஒரு பயிற்சிக்குக் கூடுதலாக ஆவது சுமார் 300 கலோரிதான். நான்கு நாளுக்கு 1,200. டீலோட் வாரத்தில் செட்டுகள் பாதியானால் அந்த வாரம் முழுவதற்கும் மிச்சமாவது 600. அதை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 85 கலோரி. ஒன்றரை இட்லி!

ஒன்றரை இட்லி குறைய வேண்டிய இடத்தில் தம்பி 725 கலோரியைக் குறைத்திருந்தார். ஏறத்தாழ 640 கலோரி பற்றாக்குறையோடு ஏழு நாள். உடல் எடையைக் குறைக்க முனைபவர்கள்கூட இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தயங்கித்தான் தோண்டுவார்கள். இவரோ ஐந்து வாரக் களைப்பிலிருந்து மீள வேண்டிய வாரத்தில் அதைச் செய்துகொண்டிருந்தார். நோட்டில் அதற்கான அடையாளங்கள் எல்லாமே இருந்தன. அந்த வாரம் மட்டும் எடை ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. இரவில் பசியால் விழிப்பு வந்ததாக இரண்டு இடத்தில் குறித்திருந்தார். அடுத்த திங்கட்கிழமைப் பக்கத்தில் “பார் கனமாக இருந்தது” என்று ஒரு வரி.

அந்த ஒன்றரைக் கிலோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். தசையும் கல்லீரலும் மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது. சாதத்தை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு இறங்கும், கூடவே தண்ணீரும் வெளியேறும். தராசில் குறைந்ததில் கொழுப்பு பாதிகூட இருக்காது. மிச்சமெல்லாம் அடுத்த வாரம் ஸ்குவாட் போட வேண்டிய எரிபொருளும் அதோடு சேர்ந்த நீரும்தான். பார் கனமாகத் தெரிந்ததில் வியப்பே இல்லை.

அடுத்த டீலோட் வாரத்துக்கு நான் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: செட்டுகளைப் பாதியாக்கு, தட்டைத் தொடாதே. அவருக்கு அது மிகவும் கடினமாக இருந்தது. சும்மா இருந்துகொண்டு சாப்பிடுவது குற்றம் போல இருக்கிறது என்று இரண்டு நாள் புலம்பினார். அந்த வாரம் எடை அரைக் கிலோ ஏறியது. அதைக் கண்டு பயந்துபோய் எனக்குத் தராசின் படத்தை அனுப்பினார். அதுவும் பெரும்பாலும் நிரம்பிய கிளைகோஜனும் நீரும்தான், அமைதியாக இரு என்றேன். திரும்பி வந்த திங்கட்கிழமை அதே பாரத்தில் ஐந்து ரெப்பும் ஒழுங்காக ஏறின. ஒருவருடைய ஒரு டீலோட்டை வைத்து அறிவியல் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். தூக்கம், மனநிலை எல்லாம் சேர்ந்துதான் ஒரு திங்கட்கிழமையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் 85 கலோரிக்கும் 725 கலோரிக்கும் உள்ள வித்தியாசம் யாருடைய கருத்தையும் சார்ந்ததல்ல.

இதில் இரண்டு விலக்குகள் உண்டு. எடை கூட்டுவதற்காகத் தேவைக்கு மேல் 300, 400 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், டீலோட் வாரத்தில் அந்த மிகுதியைப் பாதியாக்கிக்கொள்ளலாம். செய்யாவிட்டாலும் ஒரு வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எடை குறைப்பதற்காக ஏற்கெனவே பற்றாக்குறையில் இருப்பவருக்கு நான் சொல்வது நேர்மாறானது: டீலோட் வாரத்தில் சாப்பாட்டை ஏற்றி, எடை நிலைக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றுவதைச் சாதம், இட்லி, பழம் என மாவுச்சத்தாகவே ஏற்றுங்கள். அந்த ஒரு வாரத்தால் எடைக் குறைப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். மீட்சிக்கென்று ஒதுக்கிய வாரம் உண்மையிலேயே மீட்சியாக அமையும்.

பயிற்சியோடு புரதம் குறையாதது ஏன்

கலோரிக் கணக்கை ஒப்புக்கொள்பவர்கள்கூட முட்டை விஷயத்தில் விடாப்பிடியாக நிற்கிறார்கள். புரதம் என்பது பயிற்சி செய்தால் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு நாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பவுடர் வேண்டாம் என்பதும் இதே எண்ணம்தான்.

ஒரு கடினமான பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைப் பழுதுபார்த்துப் புதிய புரதத்தைக் கட்டும் வேலை ஒன்றிரண்டு நாள் வரை வழக்கத்தைவிட வேகமாக நடக்கும். டீலோட் வாரம் தொடங்கும்போது அதற்கு முந்தைய வாரத்தின் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. அதைத் தவிர, பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தசைப் புரதம் தினமும் உடைந்துகொண்டும் கட்டப்பட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. கட்டச் சொல்லும் தூண்டுதல்கள் இரண்டு: ஒன்று பாரம், மற்றொன்று உணவில் வரும் புரதம். பாரம் குறையும்போது மிஞ்சுவது இரண்டாவது மட்டுமே. போதாக்குறைக்கு, அசைவு குறைந்த தசை அதே அளவு புரதத்துக்கு முன்பைவிட மந்தமாகவே பதில் சொல்கிறது. மேலும், கலோரிப் பற்றாக்குறை இருந்தால் புரதத்தின் ஒரு பகுதி எரிபொருளாகவும் போய்விடுகிறது. ஆக, பயிற்சி குறைந்த நாட்களில் புரதத்தைக் குறைப்பதற்கு ஒரு காரணம்கூட எனக்குத் தென்படவில்லை.

எவ்வளவு என்ற கேள்விக்கு, 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு நல்ல வழிகாட்டி. பாரப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடத் தசை வளர்ச்சியில் பலன் தெரிந்தது. அதற்கு மேல் சராசரியாகப் பலன் தெரியவில்லை. 74 கிலோவுக்கு அது 118 கிராம். தம்பியின் வழக்கமான 125 கிராம் தாராளமாகவே போதும். டீலோட் வாரத்தில் அவர் இறங்கிய 70 கிராம் என்பது கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் கீழே. சாதாரணமாக வாழ்கிறவருக்கு அது போதும், ஐந்து வாரம் பாரம் தூக்கிவிட்டு வந்தவருக்குப் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

இடைவெளி எடுத்தாலே தசை கரைந்துவிடும் என்ற எதிர்முனைப் பயத்துக்கும் இடமில்லை. 2011-இல் வெளிவந்த அமெரிக்காவின் அலபாமா ஆய்வு ஒன்றில், 16 வாரம் பயிற்சி செய்தவர்களை அடுத்த 32 வாரத்துக்கு ஒன்பதில் ஒரு பங்குப் பயிற்சிக்கு இறக்கிப் பார்த்தார்கள். அதாவது வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட். இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்கள் தசை அளவைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பலம் பெருமளவு நின்றது, தசையின் பருமன் நிற்கவில்லை. வயதானவர்கள் இடைவெளிக் காலத்தில் பயிற்சியையும் புரதத்தையும் இளையவர்களைவிடக் கவனமாகக் காக்க வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். வயதாகிவிட்டது என்று அப்பாவின் தட்டிலிருந்துதான் மீனும் முட்டையும் முதலில் விலகுகின்றன.

மாரத்தான் முடிந்த பிறகு வரும் மாதங்கள்

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, பயிற்சி எவ்வளவு குறைந்தாலும் சாப்பாடு மாற வேண்டாம் என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறாகிவிடும். ஒரு வார டீலோட் வேறு, சீசன் முடிந்த பிறகு எடுக்கும் இரண்டு மாத இடைவெளி வேறு. அதிலும் ஓட்டக்காரர்களின் கணக்கு முற்றிலும் வேறு.

என் தோழி ஒருவர் ஒவ்வொரு ஜனவரியும் சென்னை மாரத்தான் ஓடுகிறார். எடை 62 கிலோ. பால், தயிர் சாப்பிடும் சைவம். டிசம்பரில் வாரத்துக்கு 60 கிலோமீட்டர் வரை போவார். போட்டி முடிந்ததும் ஓய்வு. அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடுவதால் வாரத்துக்கு 15 கிலோமீட்டர்தான். பங்குனி முடிவதற்குள் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று கிலோ ஏறிவிடும். ஓடுவதன் செலவை மனதிலேயே கணக்கிட்டுவிடலாம்: ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒரு கலோரி. வாரத்துக்கு 45 கிலோமீட்டர் குறைந்தால், 62 கிலோ எடைக்கு 2,790 கலோரி மிச்சமாகும். அதாவது நாளொன்றுக்கு 400. இங்கே ஒன்றரை இட்லிப் பேச்சுக்கு இடமில்லை, ஒரு வேளைச் சாப்பாடே மிச்சம். எட்டு வாரத்துக்கு அது அப்படியே சேர்ந்தால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அவர் எடை ஏறிய அளவும் ஏறக்குறைய அதுதான்.

ஓட்டம் குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பழைய பதில் நம் நாட்டிலிருந்தே இருக்கிறது. 1956-இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜீன் மேயரும் அவருடைய சகாக்களும் மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். நடுத்தர உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை, உழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியது, எடையோ ஒரே அளவில் நின்றது. ஆனால் மிகக் குறைந்த உழைப்பில் இந்த இணக்கம் அறுந்துபோனது. உட்கார்ந்தே வேலை பார்த்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் மூட்டை சுமந்தவர்களுக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள், அவர்களைவிட எடையும் கூடுதலாக இருந்தார்கள். அது ஓட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வு அல்ல. ஒரே ஆளை உழைக்க வைத்தும் ஓய்வெடுக்க வைத்தும் பார்த்ததும் அல்ல. இருந்தாலும், உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனால் பசியை நம்பிச் சாப்பாட்டை அளக்க முடியாது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் படித்ததில்லை.

எதைக் குறைப்பது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் நீண்ட வாக்குவாதம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார் அவர். அப்படிச் செய்தால் புரதமும் அதே விகிதத்தில் குறையும். சீசனில் 2,400 கலோரியில் 93 கிராம் புரதம், அதாவது கிலோவுக்கு 1.5 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சமமாகக் குறைத்து 2,000 கலோரிக்கு வந்தால் புரதம் 78 கிராமுக்கு விழும். நம் சைவச் சாப்பாட்டில் இது இன்னும் சிக்கலானது, ஏனென்றால் நம்முடைய புரதத்தில் ஏறக்குறைய பாதி அரிசியிலும் கோதுமையிலுமே ஒளிந்திருக்கிறது. முந்நூறு கிராம் சாதத்தை விட்டால் 390 கலோரியோடு எட்டு கிராம் புரதமும் போய்விடும்.

அதனால், ஓட்டத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த உணவு எது என்று தேடினோம். ஓடுவதற்கு முன் வாழைப்பழமும் பேரீச்சையும், நடுவே குடிக்கும் குளுக்கோஸ் தண்ணீரும் சராசரியாக நாளுக்கு 80 கலோரி. ஓடிய நாட்களில் அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் சாப்பிடும் இரண்டாவது டிபன், சட்னியோடு இரண்டு தோசை. வாரத்துக்கு நான்கு நாள் என்றால் நாளுக்கு 170. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்து பெசன்ட் நகரில் நண்பர்களோடு நெய்ப் பொங்கலும் வடையும். ஓடாத மாதங்களிலும் அந்தக் கூட்டம் தொடர்கிறது, பொங்கலும் தொடர்கிறது. கூட்டத்தை விட வேண்டாம், பொங்கலுக்குப் பதில் இட்லி என்று வைத்துக்கொண்டார். அதில் நாளுக்கு 50 கலோரி. இரவில் ஒரு சப்பாத்தி குறைவு, இன்னொரு 100. மொத்தம் 400. பன்னீர், தயிர், சோயா, மாலைச் சுண்டல் எதிலும் கை வைக்கவில்லை. டிபனோடு போன சிறிது புரதத்தை ஈடுகட்ட, இரவில் ஒரு தம்ளர் பால் சேர்த்து, மதியச் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்தார்.

இந்த மாற்றத்தைப் போட்டி முடிந்த மறுநாளே தொடங்கக் கூடாது. 42 கிலோமீட்டர் ஓடிய கால்களில் தசை நார்கள் கிழிந்திருக்கும், கிளைகோஜன் காலியாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், ஓட்டமே இல்லாவிட்டாலும், பசித்த அளவு சாப்பிட வேண்டும். அந்த நாட்களில் தராசு காட்டும் எண்ணில் வீக்கமும் நீரும் கலந்திருப்பதால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. மூன்றாவது வாரத்திலிருந்துதான் குறைக்கத் தொடங்கினார். முதலில் 200, இரண்டு வாரம் கழித்து 400. தினமும் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிட்டார். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தார். சராசரி எடை ஏறி இடுப்பும் ஏறினால் கொழுப்பு சேர்கிறது என்று பொருள். எடை மட்டும் ஏறி இடுப்பு அப்படியே இருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

பெண் ஓட்டக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீசனில் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ நின்றுபோயிருந்தாலோ, அது உடம்பு பல மாதமாகப் போதிய உணவின்றி ஓடியிருக்கிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். எலும்பு முறிவுவரை கொண்டுபோய்விடக்கூடிய நிலை அது. அவர்களுக்கு இடைவெளிக் காலம் கலோரியைக் குறைப்பதற்கான காலமல்ல. ஓட்டம் குறைவதால் மிச்சமாகும் அந்த 400 கலோரிதான் அவர்களுடைய உடம்பு காத்திருந்த உணவு. இரண்டு கிலோ ஏறினால் ஏறட்டும்; மருத்துவரைப் பார்த்து, சுழற்சி சீராகும்வரை தட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

தோழியின் அடுத்த தயாரிப்பு ஆடி மாதம் தொடங்கியது. அப்போது இன்னொரு தடுமாற்றம் வந்தது. பல மாதமாகப் பழகிவிட்ட 2,000 கலோரியிலேயே 35 கிலோமீட்டர் வாரத்தையும் ஓட முயன்றார். மூன்றாவது வாரத்தில் மெதுவான ஓட்டத்தில்கூட இதயத் துடிப்பு வழக்கத்தைவிட ஏறியது, தூக்கம் கெட்டது. கூடிய 20 கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 175 கலோரி ஆகிறது. அலுவலகத்துத் தோசை இரண்டையும் ஓடும் நாட்களில் திரும்பக் கொண்டுவந்தோம். நீண்ட ஓட்டம் 16 கிலோமீட்டரைத் தாண்டிய வாரத்தில் வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணீரும் வந்தன. இரவுச் சப்பாத்தி அக்டோபரில், வாரத்துக்கு 50 கிலோமீட்டரைத் தொட்ட பிறகுதான் திரும்பியது.